இஎஸ்பி32 போர்டு எழாமல் நிற்கிறதா? எந்தப் பின்னில் எதை மாட்டலாம்: கேள்வி பதில்

போர்டு தனியா இருந்தா நல்லா ஓடுது. ரிலே, சென்சார் எல்லாம் மாட்டிட்டு கரண்ட் குடுத்தா செத்த மாதிரி கிடக்குது. வயரைக் கழட்டினா மறுபடி ஓடுது. போர்டு போச்சா?

போகவில்லை. கழற்றியதும் ஓடுகிறதென்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. சென்சாரும் பெரும்பாலும் நல்ல சென்சார்தான். மாட்டிய இடம்தான் தப்பு.

இஎஸ்பி32 சிப்புக்குக் கரண்ட் வந்ததும், உங்கள் நிரலைத் தொடுவதற்கு முன்பே, குறிப்பிட்ட ஐந்து பின்களில் அந்த நேரம் ஹை இருக்கிறதா லோ இருக்கிறதா என்று பார்க்கிறது. அதை வைத்துத்தான் எப்படிக் கிளம்புவது என்று முடிவு செய்கிறது. ஃபிளாஷில் உள்ள நிரலை ஓட்ட வேண்டுமா, இல்லை கணினியிலிருந்து புது நிரல் வரும் என்று காத்திருக்க வேண்டுமா, ஃபிளாஷுக்கு எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். இந்தப் பின்களை ஸ்ட்ராப்பிங் பின் என்பார்கள். வெளியிலிருந்து நீங்கள் மாட்டிய ஒரு ரெசிஸ்டரோ சுவிட்சோ அந்த ஒரு கணத்தில் பின்னைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் சிப் தப்பான வழியில் கிளம்பும்.

இங்கே சொல்வதெல்லாம் முதலில் வந்த சாதாரண இஎஸ்பி32-க்கு. உலோக மூடியில் ESP32-WROOM-32 என்று எழுதியிருக்கும். 30 பின், 38 பின் என்று கடையில் கிடைக்கும் டெவ்கிட் போர்டுகள் பெரும்பாலும் இவைதான். மற்ற வகைகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த அஞ்சு பின் எது எது? எல்லாமே ஒரே அளவு ஆபத்தா?

0, 2, 5, 12, 15. ஆபத்து ஒரே அளவு இல்லை. 12-தான் பொல்லாதது, அடுத்தது 0. மற்ற மூன்றோடு சமாதானமாகப் போய்விடலாம்.

12-ஆம் பின் ஃபிளாஷ் சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கிளம்பும்போது லோவாக இருந்தால் 3.3 வோல்ட், ஹையாக இருந்தால் 1.8 வோல்ட். WROOM-32-இல் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ். அதற்கு 1.8 கொடுத்தால் படிக்க முடியாது. நிரல் உள்ளே பத்திரமாக இருக்கும், எடுக்கத்தான் முடியாது.

0-ஆம் பின் ஹையாக இருந்தால் உங்கள் நிரல் ஓடும். லோவாக இருந்தால் சிப் பதிவேற்றத்துக்காகக் காத்திருக்கும். போர்டில் இருக்கும் பூட் பட்டன் இந்தப் பின்னைத்தான் கிரவுண்டோடு சேர்க்கிறது. ஆக 0-இல் நீங்கள் மாட்டும் எதுவும், கரண்ட் வரும் நேரத்தில் பின்னைக் கிரவுண்டுக்கு இழுத்தால், யாரோ பூட் பட்டனை அமுக்கிப் பிடித்திருப்பதாகத்தான் சிப் எடுத்துக்கொள்ளும்.

2-ஆம் பின் சாதாரணமாகக் கிளம்புவதைக் கெடுக்காது. 0 லோவாக இருக்கும்போது, அதாவது பதிவேற்றும்போது மட்டும், இதுவும் லோவாக இருக்க வேண்டும். 15-ஆம் பின் லோவாக இருந்தால் தொடக்கத்தில் வரும் செய்திகள் சீரியல் மானிட்டரில் வராது, ஆனால் நிரல் ஓடும். 5-ஆம் பின் எஸ்டிஐஓ என்ற இணைப்பின் நேரக் கணக்கோடு சம்பந்தப்பட்டது. வீட்டில் செய்யும் வேலைக்கு அது குறுக்கே வந்து நான் பார்த்ததில்லை.

வெளியே எதுவும் மாட்டாவிட்டால் சிப் தானே இவற்றைச் சரியான பக்கம் வைத்துக்கொள்ளும். உள்ளே 0, 5, 15-க்கு ஹை பக்கம் இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர், 2, 12-க்கு லோ பக்கம் இழுக்கும் புல்-டவுன் ரெசிஸ்டர் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ ஓம், ரொம்பப் பலவீனம். கடையில் வாங்கும் மாட்யூல்களில் வரும் 10 கிலோ ஓமும் 4.7 கிலோ ஓமும் இதைச் சுலபமாக இழுத்துவிடும்.

`setup()`-ல முதல் வரியிலேயே `pinMode` போட்டு சரி பண்ணிட முடியாதா?

முடியாது. சிப்பை எழுப்பும் இஎன் பின் ஹை ஆனதும் சிப் பார்த்து முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு 1 மில்லி விநாடி வரை அந்த நிலை மாறாமல் இருந்தால் போதும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. உங்கள் `setup()` ஓடத் தொடங்குவது அதற்கு எவ்வளவோ பின்னால். 12 தப்பாக இருந்தால் நிரலே படிக்கப்படாது. அப்புறம் அதில் எத்தனை வரி எழுதி என்ன?

பார்த்து முடித்த பிறகு இந்தப் பின்களும் மற்றவை போலச் சாதாரணப் பின்கள்தான், அதன்பின் எந்த வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதனால்தான் எங்கோ ஒருவர் 12-இல் ஏதோ மாட்டி ஓட்டியிருப்பார், அதையே நீங்கள் செய்தால் ஓடாது. அவர் மாட்டிய பொருள் தொடக்கத்தில் சும்மா இருந்தது, உங்களுடையது இழுக்கிறது.

அண்ணா, மேல்தொட்டிக்கு மோட்டார் கன்ட்ரோலர் செஞ்சேன். தொட்டி நிறைஞ்சிருக்கும்போது கரண்ட் போய் வந்தா ஒழுங்கா எழுந்திருக்குது. தொட்டி காலியா இருக்கும்போது வந்தா எழுந்திருக்கவே மாட்டேங்குது. தண்ணிக்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் அனுப்பிய வயரிங்கில் ஃப்ளோட் சுவிட்ச் 12-ஆம் பின்னில் இருக்கிறது. ஒரு முனை பின்னுக்கு, மறுமுனை கிரவுண்டுக்கு. பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 10 கிலோ ஓம். சுவிட்ச் மாட்டும் முறையாக இதில் ஒரு குறையும் இல்லை, எல்லாரும் இப்படித்தான் மாட்டுவார்கள்.

தொட்டி நிறைந்தால் மிதவை மேலே போய் சுவிட்ச் மூடுகிறது. 12 நேராகக் கிரவுண்டில் நிற்கிறது. சிப் பார்க்கும்போது லோ, ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட், எல்லாம் சுபம்.

தொட்டி காலியானால் சுவிட்ச் திறந்துவிடுகிறது. இப்போது பின்னை வெளியே 10 கிலோ ஓம் மேலே இழுக்கிறது, உள்ளே 45 கிலோ ஓம் கீழே இழுக்கிறது. பின்னில் நிற்கும் வோல்ட்டேஜ்:

```
3.3 × 45 / (10 + 45) = 2.7 V
```

3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32, 2.475 வோல்ட்டுக்கு மேல் இருப்பதை ஹை என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ளும் (வழங்கும் மின்னழுத்தத்தில் 0.75 பங்கு). 0.825-க்குக் கீழே என்றால் நிச்சயமாக லோ (0.25 பங்கு). நடுவில் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2.7 ஹை. ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போகிறது, நிரல் படிக்கப்படவில்லை, மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் ஏற்ற வேண்டிய நேரம் பார்த்து கன்ட்ரோலர் படுத்துக்கொள்கிறது.

சரிசெய்ய மூன்று வழி உண்டு. முதலாவது, அந்த 10 கிலோ ஓமை எடுத்துவிட்டு நிரலில் `INPUT_PULLUP` போடுவது. தொடக்கத்தில் சுவிட்ச் திறந்திருந்தாலும் உள்ளே இருக்கும் புல்-டவுன் பின்னை லோவில் வைத்திருக்கும். நிரல் ஓடிய பிறகுதான் புல்-அப் வரும். மேசையில் இது வேலை செய்யும். மொட்டை மாடித் தொட்டி வரை பத்து பதினைந்து மீட்டர் வயர் ஓடும்போது 45 கிலோ ஓம் புல்-அப் போதாது, மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் பொய்யாகச் சுவிட்ச் மாறியதாகத் தெரியும். இரண்டாவது, இன்னொரு புல்-டவுன் சேர்ப்பது. 10 கிலோ ஓமுக்கு எதிராக 10 கிலோ ஓம் போட்டால் பின் ஒன்றரை வோல்ட்டில் தொங்கும், அது இரண்டும் கெட்டான் நிலை. வேண்டாம். மூன்றாவது, அதே 10 கிலோ ஓமோடு வயரை 34 அல்லது 35-க்கு மாற்றுவது. அங்கே ஸ்ட்ராப்பிங் தொல்லையே கிடையாது. நான் இதைத்தான் செய்வேன்: ஒரு வயர், நிரலில் ஒரு எண், வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் சோதிக்கும்போது ரிலேயின் 230 வோல்ட் பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, போர்டை யுஎஸ்பியில் மட்டும் ஓட்டுங்கள்.

எந்தப் பின் வேலையைக் காட்டுதுன்னு ஒவ்வொரு வயரா கழட்டிப் பார்க்காம கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது, சிப்பே சொல்லும். சீரியல் மானிட்டரை 115200-இல் திறந்து வைத்துக்கொண்டு இஎன் பட்டனை அமுக்கி விடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தொடக்கத்தில் இப்படி ஒரு வரி வரும்:

```
rst:0x1 (POWERON_RESET),boot:0x13 (SPI_FAST_FLASH_BOOT)
```

`boot:` என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் சிப் பார்த்த நிலை. ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது, ஹையாக இருந்தவற்றின் மதிப்பைக் கூட்டினால் அந்த எண் வரும்:

```
GPIO5   0x01
GPIO15  0x02
GPIO4   0x04
GPIO2   0x08
GPIO0   0x10
GPIO12  0x20
```

`0x13` என்றால் 0, 15, 5 மூன்றும் ஹை, மற்றவை லோ. ஒன்றும் மாட்டாத போர்டு இப்படித்தான் இருக்கும். இந்தப் பட்டியலில் 4-உம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அதன் நிலை பதிவாகிறதே தவிர கிளம்புவதை மாற்றாது. அதனால் `0x17` வந்தாலும் சரிதான்.

தொட்டி காலியாக இருக்கும்போது மேலே சொன்ன கன்ட்ரோலர் காட்டுவது இது. திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும்:

```
rst:0x10 (RTCWDT_RTC_RESET),boot:0x33 (SPI_FAST_FLASH_BOOT)
flash read err, 1000
```

`0x33`-இல் `0x13`-ஐக் கழித்தால் `0x20`. அது 12. `flash read err` என்று வந்ததும் ஃபிளாஷ் போய்விட்டது என்று போர்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. போடுவதற்கு முன் 12-ஆம் பின்னைக் கழற்றிப் பாருங்கள்.

0-ஆம் பின் கிரவுண்டுக்குப் போயிருந்தால் வேறு மாதிரி வரும், வந்து அப்படியே நிற்கும்:

```
rst:0x1 (POWERON_RESET),boot:0x3 (DOWNLOAD_BOOT(UART0/UART1/SDIO_REI_REO_V2))
waiting for download
```

எண் `0x13` என்று சரியாக இருந்தும் போர்டு மறுபடி மறுபடி ரீசெட் ஆகிறதா? `Brownout detector was triggered` என்று வருகிறதா? அப்படியானால் பின்னில் பிழை இல்லை, மின்சாரம் போதவில்லை. ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் சரிகிறது. அடாப்டரையும் வயரையும் பாருங்கள்.

சீரியல் மானிட்டர்ல ஒரு எழுத்துகூட வரலையே?

வேகம் 115200 தானா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் 15-ஆம் பின். அதில் புல்-டவுன் உள்ள ஏதாவது, உதாரணமாக கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் 10 கிலோ ஓம் போட்ட மாஸ்ஃபெட், மாட்டியிருந்தால் தொடக்கச் செய்திகள் வாயடைத்துப் போகும். உங்கள் நிரலின் `Serial.println` மட்டும் வரும். அதுவும் வரவில்லை என்றால் 1-ஆம் பின்னில் வேறு ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சீரியல் செய்தி வெளியே வருவது அதன் வழியாகத்தான்.

வைஃபை வழியா புது நிரல் ஏத்தினா அழகா ரீஸ்டார்ட் ஆகுது. மாசக்கணக்கா ஓடுது. ஒரு நாள் கரண்ட் போய் வந்தா எழுந்திருக்கல. இத்தனை நாள் எப்படி ஓடிச்சு?

`ESP.restart()` போன்ற மென்பொருள் ரீஸ்டார்ட்டில் சிப் ஸ்ட்ராப்பிங் பின்களை மறுபடி பார்ப்பதில்லை. கரண்ட் புதிதாக வரும்போதும், மின்னழுத்தம் சரிந்து ரீசெட் ஆகும்போதும், ஆர்டிசி வாட்ச்டாக் ரீசெட் செய்யும்போதும்தான் பார்க்கிறது. பார்த்த நிலையை அணையும் வரை மனதில் வைத்திருக்கிறது. முதல் தடவை நீங்கள் கரண்ட் கொடுத்தபோது சுவிட்ச் தோதான நிலையில் இருந்திருக்கும். அதற்கப்புறம் நூறு தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய நிலைதான் செல்லும்.

அதனால் எதையும் பெட்டியில் போட்டு மூடுவதற்கு முன், ஒவ்வொரு சுவிட்சையும் சென்சாரையும் இரண்டு நிலையிலும் வைத்து, பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் போதாது.

எஸ்டி கார்டு மாட்யூல் மாட்டினதுல இருந்து இதே பிரச்சினை. நெட்ல சொன்ன 12, 13, 14, 15-லதான் மாட்டினேன்.

அந்த நான்கும் சிப்பின் இரண்டாவது எஸ்பிஐயின் இயல்பான பின்கள்தான், யாரும் பொய் சொல்லவில்லை. கார்டிலிருந்து தரவு வரும் வயர் 12-க்கு வருகிறது. பல கார்டு மாட்யூல்களில் அந்த வயரில் 10 கிலோ ஓம் புல்-அப் இருக்கும். தொட்டிக்குப் போட்ட அதே கணக்கு, அதே 2.7 வோல்ட், அதே `0x33`. மாட்யூல் மாட்டியிருந்தால் போதும், கார்டு உள்ளே இருக்கவே தேவையில்லை.

18, 19, 23, 5-க்கு மாற்றிவிடுங்கள். கிளாக் 18, கார்டிலிருந்து வருவது 19, கார்டுக்குப் போவது 23, தேர்வு வயர் 5. ஆர்டுயினோவின் `SD` நூலகம் தானாக எடுத்துக்கொள்வதும் இவைதான். 5 ஸ்ட்ராப்பிங் பின் ஆயிற்றே என்று கேட்டால், அது ஹையாக இருப்பதைத்தான் விரும்புகிறது, கார்டின் புல்-அப்பும் அதே பக்கம்தான் இழுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

`SD_MMC` முறையில் மாட்டுகிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். பின்களை மாற்றவே முடியாது. தரவு வயர்களில் ஒன்று 2-க்கும் இன்னொன்று 12-க்கும் போகும், கார்டு விதிப்படி எல்லாவற்றுக்கும் புல்-அப் வேண்டும். ஒற்றை வயர் முறையில் ஓட்டினால் 12 தேவைப்படாது. 2-ஆம் பின்னின் புல்-அப் பதிவேற்றும்போது மட்டும் தொல்லை தரும்.

மாட்யூல்ல எங்க என்ன ரெசிஸ்டர் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? படமும் கிடையாது, டேட்டாஷீட்டும் கிடையாது.

ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும் மல்டிமீட்டரும் போதும். சிப்பின் உள்ளே இருக்கும் 45 கிலோ ஓமுக்கு அந்த ரெசிஸ்டரை ஆள்மாறாட்டம் செய்ய வைக்கப் போகிறோம்.

இஎஸ்பி32-ஐக் கழற்றி வையுங்கள். மாட்யூலுக்கு வழக்கமான மின்சாரம் கொடுங்கள். அதன் சிக்னல் வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 47 கிலோ ஓமை வைத்து, சிக்னல் வயரில் வோல்ட்டேஜ் பாருங்கள். 0.8-க்குக் கீழே இருந்தால் 12-இலும் 2-இலும் மாட்டலாம். அதற்கு மேலே எவ்வளவு இருந்தாலும் 12 பக்கம் போகக் கூடாது. 0, 5, 15-க்குப் பார்க்க வேண்டுமென்றால் ரெசிஸ்டரின் மறுமுனையை 3.3 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். வயரில் 2.5-க்கு மேல் நின்றால் பாதகமில்லை. 3.3-ஐத் தாண்டிக் காட்டினால் அந்த வயரை எந்தப் பின்னிலும் நேரடியாக மாட்டாதீர்கள், இஎஸ்பி32 பின்கள் 5 வோல்ட்டுக்கு ஆனவை அல்ல. சுவிட்சோ சென்சாரோ என்றால் இரண்டு நிலையிலும் அளக்க வேண்டும்.

நீல நிற ஆப்டோகப்ளர் ரிலே மாட்யூலை இப்படி அளந்தால் சுவாரசியமாக இருக்கும். அதன் `IN` பின் ஒரு ரெசிஸ்டர், ஆப்டோகப்ளரின் எல்இடி, பல மாட்யூல்களில் இன்னொரு சிறு எல்இடி இவற்றின் வழியாக 5 வோல்ட்டுக்குப் போகிறது. இரண்டு எல்இடியும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டு, மீதி இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் எங்கோ நிற்கும். எல்லைக்கோட்டிலேயே. 12-இல் ரிலே மாட்டியவர்களில் ஒருவருக்கு ஓடுவதும் இன்னொருவருக்கு ஓடாததும் இதனால்தான்.

ரிலேயை எந்தப் பின்னில் போடறது? கரண்ட் வந்ததும் ஒரு தடவை டக்குனு அடிச்சுட்டுதான் நிக்குது.

இது கிளம்புவதைத் தடுப்பதில்லை, ஆனாலும் மோட்டார் மாட்டிய ரிலே அப்படி அடிப்பது நல்லதில்லை. 1, 3, 5, 14, 15 ஆகிய பின்கள் தொடக்கத்தில் சிறிது நேரம் ஹை ஆகின்றன அல்லது துடிக்கின்றன. ரிலேக்கு 25, 26, 27, 32, 33-இல் ஒன்றை எடுங்கள், இவை அமைதியானவை. ஹை கொடுத்தால் இழுக்கும் வகை ரிலே என்றால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் 10 கிலோ ஓம் போடுங்கள். இவை ஸ்ட்ராப்பிங் பின்கள் அல்ல என்பதால் தாராளமாகப் போடலாம்.

லோ கொடுத்தால் இழுக்கும் வகை என்றால் நிரலில் வரிசை முக்கியம். `OUTPUT` ஆக்கிய பிறகு ஹை எழுதினால் நடுவில் ஒரு கணம் லோ போய்விடும். அதனால் முதலில் ஹை எழுதிவிட்டு, பிறகு `OUTPUT` ஆக்குங்கள்:

```cpp
pinMode(26, INPUT_PULLUP);
digitalWrite(26, HIGH);
pinMode(26, OUTPUT);
```

சரி, யோசிக்காம எடுத்துக்கக்கூடிய பின் எது எது?

வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்கும்: 18, 19, 21, 22, 23, 25, 26, 27, 32, 33. இவற்றோடு 4-உம் 13-உம் சேரும். 16, 17-உம் நல்லவைதான், ஆனால் உங்களிடம் இருப்பது பிஎஸ்ரேம் உள்ள WROVER மாட்யூல் என்றால் அவை உள்ளே பயன்பாட்டில் இருக்கும், தொடாதீர்கள்.

உள்ளீட்டுக்கு மட்டும்: 34, 35, 36, 39. இவற்றில் வெளியீடு கிடையாது, உள்ளே புல்-அப்பும் கிடையாது. நிரலில் `INPUT_PULLUP` எழுதினாலும் ஒன்றும் நடக்காது. வெளியே ரெசிஸ்டர் வைத்தே ஆக வேண்டும்.

6 முதல் 11 வரை ஃபிளாஷ் சிப்போடு இணைந்தவை. 38 பின் போர்டில் வெளியே கொண்டுவந்து வைத்திருப்பார்கள், ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி கன்ட்ரோலரை இப்படிப் போடலாம்: மேல்தொட்டி ஃப்ளோட் 34, கீழ்த்தொட்டி ஃப்ளோட் 35, இரண்டுக்கும் 10 கிலோ ஓம் புல்-அப். ரிலே 26. ஓஎல்இடி திரை 21, 22. கையால் ஓட்டும் பட்டன் 27. பஸ்ஸர் 25. ஸ்ட்ராப்பிங் பின் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

எல்லாப் பின்னும் தீர்ந்துபோச்சு. 12-ஐப் பயன்படுத்தியே ஆகணும்.

கேட்பது மட்டுமே வேலையாக உள்ள, புல்-அப் இல்லாத பொருளை அதில் மாட்டுங்கள். எஸ்பிஐ திரையின் `DC` வயர் போன்றது தோதானது. பின்னிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குப் போகும் எல்இடியும் சரி. அதே எல்இடியை 3.3 வோல்ட்டிலிருந்து பின்னுக்கு மாட்டினால் தப்பு. ஐ2சி வயரை இங்கே கொண்டுவரவே கூடாது, அதன் புல்-அப் பெரும்பாலும் 10 கிலோ ஓமைவிட வலுவானது.

இன்னொரு வழி, 12-ஐப் பார்க்காதே என்று சிப்புக்கு நிரந்தரமாகச் சொல்லிவிடுவது. முதலில் இப்போதைய நிலையைப் பாருங்கள், போர்ட் எண்ணை உங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டு:

```
espefuse.py --port COM5 summary
espefuse.py --port COM5 set_flash_voltage 3.3V
```

முதல் கட்டளையின் கடைசியில் ஃபிளாஷ் மின்னழுத்தத்தை GPIO12 தீர்மானிப்பதாக இருக்கும். இரண்டாவது கட்டளை `BURN` என்று உங்களைத் தட்டச்சு செய்யச் சொல்லி, செய்ததும் சிப்பின் உள்ளே உள்ள இஃபியூஸை எரித்துவிடும். அதன்பின் 12 எந்த நிலையில் இருந்தாலும் 3.3 வோல்ட்தான். புதிய பதிப்புகளில் `espefuse --port COM5 set-flash-voltage 3.3V` என்று எழுத வேண்டும். எரித்ததைத் திரும்பப் பெற முடியாது. 1.8 வோல்ட் ஃபிளாஷ் உள்ள பழைய WROVER மாட்யூலில் இதைச் செய்யவே கூடாது. கையில் ஒரே போர்டு இருந்தால் வயரை மாற்றுவதே மேல். பிசிபி அடித்து வந்த பிறகு 12-இல் புல்-அப் இருப்பதைக் கண்டுபிடித்தவர்களுக்கு இது உயிர் காக்கும்.

நிரல் நல்லா ஓடுது. புதுசு ஏத்தப் போனாதான் தகராறு.

அது 12 இல்லை. இப்படி வருகிறதா பாருங்கள்:

```
Wrong boot mode detected (0x13)! The chip needs to be in download mode.
```

`0x13` என்றால் 0-ஆம் பின் கீழே வரவே இல்லை. அதில் வலுவான புல்-அப் அல்லது பெரிய கெபாசிட்டர் இருக்கலாம். பூட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றிப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால், 2-ஆம் பின்னில் புல்-அப் உள்ள எதையாவது கழற்றுங்கள். 3-ஆம் பின்னில் ஜிபிஎஸ் மாட்யூல் மாட்டியிருந்தாலும் ஏறாது, கணினி பேசும் வழியிலேயே அதுவும் பேசிக்கொண்டிருக்கும்.

நோட்எம்சியூல 12-ஆம் பின்னில் சென்சார் வெச்சு வருஷக்கணக்கா ஓடுது. அதே வயரிங்கை இஎஸ்பி32-க்கு மாத்தலாமா?

அப்படியே மாற்றக் கூடாது. நோட்எம்சியூவில் இருக்கும் இஎஸ்பி8266-இல் 12 (போர்டில் `D6`) சாதுவான பின். அங்கே 0, 2 ஹையாகவும் 15 லோவாகவும் இருக்க வேண்டும். போர்டில் அவை `D3`, `D4`, `D8`. 15-ஐப் பாருங்கள், அங்கே லோ கேட்கிறது, இஎஸ்பி32-இல் ஹையில் இருக்க விரும்புகிறது.

புதிய வகைகளும் ஆளுக்கொரு மாதிரி. எஸ்3-இல் ஸ்ட்ராப்பிங் பின்கள் 0, 3, 45, 46. அங்கே ஃபிளாஷ் வோல்ட்டேஜ் விவகாரம் 45-க்குப் போய்விட்டது, 12-இல் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். சி3-இல் 2, 8, 9. பூட் பட்டன் 9-இல் இருக்கிறது. ராஸ்பெரி பை பிக்கோவில் இந்தத் தொல்லை இல்லை, அதன் பூட்செல் பட்டன் ஃபிளாஷின் தேர்வு வயரில் இருக்கிறது, உங்கள் பின்கள் எதுவும் அதில் சம்பந்தப்படுவதில்லை. ஆர்டுயினோ உனோவிலும் அப்படித்தான். பதிவேற்றும்போது 0, 1 இரண்டையும் காலியாக விட்டால் போதும்.